மூன்று முதலீடுகள், ஓர் அணி: குறைந்தபட்ச மாறுபாட்டு எடைகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மூன்று ஃபண்டுகளின் உடன்மாறுபாட்டு அணி கையில் இருக்கிறது. தொகுப்பின் மாறுபாட்டை, அதாவது ஏற்ற இறக்கத்தை, மிகக் குறைக்கும் எடைகளைக் கையாலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எடை என்பது மொத்தப் பணத்தில் ஒவ்வொரு முதலீட்டுக்கும் போகும் விகிதம். கையால் போட வசதியான எண்களைக் கொண்டே காட்டுகிறேன். லார்ஜ்கேப் ஃபண்ட், மிட்கேப் ஃபண்ட், தங்க ஈடிஎஃப் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானத்தைச் சதவீதத்தில் எழுதியதால், அணியில் இருப்பவை சதவீதத்தின் வர்க்கங்கள். மூலைவிட்டத்தில் உள்ளவை ஒவ்வொன்றின் சொந்த மாறுபாடு; மற்றவை, இரண்டு முதலீடுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் உடன்மாறுபாடுகள்.

```
 225   250   -20
 250   400   -20
 -20   -20   220
```

மூலைவிட்டத்தில் உள்ள 225, 400 ஆகியவற்றின் வர்க்கமூலம் எடுத்தால் லார்ஜ்கேப்பின் திட்ட விலக்கம் 15 சதவீதம் என்றும் மிட்கேப்பினுடையது 20 சதவீதம் என்றும் தெரியும்.

பிடித்துக்கொள்ள வேண்டிய கருத்து ஒன்றுதான். மாறுபாடு மிகக் குறைவாக இருக்கும் இடத்தில், ஒவ்வொரு முதலீடும் மொத்தத் தொகுப்போடு கொண்டுள்ள உடன்மாறுபாடு சமமாக இருக்கும். லார்ஜ்கேப்புக்கு அது அதிகமாகவும் தங்கத்துக்குக் குறைவாகவும் இருந்தால், லார்ஜ்கேப்பிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துத் தங்கத்தில் வைத்தாலே மாறுபாடு இன்னும் இறங்கும்; அப்படியென்றால் நாம் இன்னும் அடிமட்டத்துக்கு வந்து சேரவில்லை என்று பொருள். எனவே எடைகளை a, b, c என்று வைத்து, மூன்று வரிசைகளின் பெருக்கற்பலன்களும் சமமாகும்படி தீர்க்க வேண்டும்.

இரண்டாம் வரிசையிலிருந்து முதல் வரிசையைக் கழித்தால் 25a + 150b = 0 என்று வருகிறது; தங்கம் தானாகவே விலகிவிடுகிறது. ஆகவே a = 6 என்றால் b = -1. இவற்றை முதல் வரிசையில் இட்டால் 1100 - 20c, மூன்றாம் வரிசையில் இட்டால் -100 + 220c; இரண்டையும் சமன்படுத்தினால் c = 5. கூட்டுத்தொகை 10 என்பதால், ஒவ்வொன்றையும் 10ஆல் வகுத்தால் லார்ஜ்கேப் 60 சதவீதம், மிட்கேப் -10 சதவீதம், தங்கம் 50 சதவீதம்.

இத்தோடு நிறுத்திவிடாமல், அணியை இந்த எடைகளால் பெருக்கிச் சரிபார்ப்பு வரி ஒன்றை எழுதிப் பாருங்கள். முதல் வரிசை 135 - 25 - 10 = 100; மற்ற இரண்டும் 100தான். அந்த 100தான் தொகுப்பின் மாறுபாடு. திட்ட விலக்கம் 10 சதவீதம். மூன்று வரிசைகளும் ஒத்துப்போகாத விடை, எந்த மென்பொருளிலிருந்து வந்தாலும் தவறான விடைதான்.

கேள்வி: மாதாந்தர உடன்மாறுபாட்டை 12ஆல் பெருக்கி ஆண்டுக்கணக்கு ஆக்காமல் விட்டால் எடை மாறுமா?

மாறாது. அணி முழுவதையும் ஒரே எண்ணால் பெருக்கினால் தொகுப்பின் மாறுபாடு மட்டுமே அந்த மடங்கில் மாறும். எடைகள் அப்படியே நிற்கும்.

கேள்வி: இவ்வளவு சுற்ற வேண்டுமா? எடை என்பது மாறுபாட்டுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்றுதான் நான் படித்தேன்.

நீங்கள் படித்தது, மூலைவிட்டத்துக்கு வெளியே எல்லாம் பூஜ்ஜியமாக இருக்கும்போது முழுக்க உண்மை. நம் அணியில் அப்படிச் செய்தால் மிட்கேப்புக்கு ஏறத்தாழ 22 சதவீதம் போய்ச் சேரும். திட்ட விலக்கமும் சுமார் 10.9 சதவீதமாக உயரும். லார்ஜ்கேப்பும் மிட்கேப்பும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதை அந்த வாய்பாடு பார்ப்பதே இல்லை.

கேள்வி: எனக்கு 58 வயது, ஓய்வு பெறப் போகிறேன். தங்கம் 50 சதவீதம் என்கிறீர்களே, இப்போதே வாங்கி வைக்கலாமா ஐயா?

வேண்டாம் ஐயா. அந்த 50, நான் கணக்குக்காக வைத்த அணிக்கு உரிய விடை. இந்த முறை வருமானம் எவ்வளவு என்று கேட்பதே இல்லை. ஏற்ற இறக்கத்தை மட்டுமே குறைக்கிறது. உங்கள் ஓய்வுத் தொகையைப் பற்றி, செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் உங்கள் முழு விவரங்களோடு பேசுங்கள்.

கேள்வி: மைனஸ் எடை என்றால் கையில் இல்லாததை விற்பது, அதாவது ஷார்ட் செய்வது; மியூச்சுவல் ஃபண்டில் அது முடியாது. மைனஸ் 10ஐப் பூஜ்ஜியமாக்கி, மீதி இரண்டையும் 100க்குக் கொண்டுவந்தால் போதாதா?

போதாது. அப்படிச் செய்தால் லார்ஜ்கேப் 54.5, தங்கம் 45.5 என்று வரும். சரிபார்ப்பு வரியை எழுதுங்கள்: லார்ஜ்கேப்புக்கு 113.6, தங்கத்துக்கு 89.1. இரண்டும் சமமில்லை.

மிட்கேப்பை நீக்கிவிட்டு, எஞ்சிய இரண்டுக்கும் புதிதாகத் தீர்க்க வேண்டும். லார்ஜ்கேப்பின் எடை (220 + 20) / (225 + 220 + 40), அதாவது 240/485. ஆக லார்ஜ்கேப் 49.5 சதவீதம், தங்கம் 50.5 சதவீதம். மாறுபாடு 101.2. இப்போது வெளியே நிற்கும் மிட்கேப்புக்கு இத்தொகுப்போடு உள்ள உடன்மாறுபாடு 113.6. அது 101.2ஐ விட அதிகம் என்பதால், மிட்கேப்பைச் சிறிதளவு சேர்த்தாலும் மாறுபாடு கூடும். வெளியே நிறுத்தியது சரிதான். அது குறைவாக இருந்திருந்தால் உள்ளே அழைத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒப்புக்கொள்ள முடியவில்லை. மிட்கேப் இண்டெக்ஸ் ஃப்யூச்சர்ஸை விற்றால் மைனஸ் 10 சாத்தியம். கணக்கு தந்த உத்தம விடையை ஏன் நீங்களே கெடுக்கிறீர்கள்?

விற்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இரு பங்கு ஃபண்டுகளுக்கும் இடையிலான 250 என்ற உடன்மாறுபாடு, லார்ஜ்கேப்பின் சொந்த மாறுபாடான 225ஐத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான் காரணம். ஒட்டுறவாகச் சொன்னால், அதாவது 250ஐ 15 × 20ஆல் வகுத்தால், 0.83. அது 0.75ஆக இருந்திருந்தால் மிட்கேப்பின் எடை சரியாகப் பூஜ்ஜியம்; 0.67ஆக இருந்திருந்தால் ஏறத்தாழ +5.5 சதவீதம்.

அந்த 0.83 அறுபது மாத வருமானங்களிலிருந்து மதிப்பிடப்பட்டது என்று வைத்துக்கொண்டால், அதன் திட்டப் பிழை, அதாவது மதிப்பீடு வழக்கமாகத் தடுமாறும் அளவு, சுமார் 0.04. இரண்டு திட்டப் பிழை கீழே இறங்கினால் 0.75 தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே மைனஸ் 10க்கும் பூஜ்ஜியத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்தத் தரவு உறுதியாகச் சொல்லாது. அதற்காக நாம் இழப்பதோ, திட்ட விலக்கம் 10லிருந்து 10.06 ஆவது மட்டுமே. நிதியியல் ஆய்வாளர்களான ஜகந்நாதன், மா இருவரும் 2003இல் காட்டியதும் இதை ஒட்டியதே: எதிர்மறை எடையைத் தடுப்பது, மிகைப்பட்ட உடன்மாறுபாடுகளைச் சுருக்கி மதிப்பிடுவதற்குச் சமம்.

கேள்வி: எக்செலில் COVARIANCE.S போடுவதா, COVARIANCE.P போடுவதா?

இரண்டும் அணி முழுவதிலும் ஒரே மடங்கில்தான் வேறுபடும்; 12ஆல் பெருக்குவது பற்றிய பதிலை வாசியுங்கள், அதே காரணம்தான். அணி முழுவதற்கும் ஒன்றையே பயன்படுத்துங்கள். அணி B2:D4இலும், மூன்று ஒன்றுகள் F2:F4இலும் இருந்தால்:

```
G2: =MMULT(MINVERSE(B2:D4),F2:F4)
H2: =G2/SUM($G$2:$G$4)
J2: =MMULT(B2:D4,H2:H4)
```

H2ஐ H4 வரை இழுத்துவிடுங்கள். J பத்தியில் மூன்று எண்களும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் மூடாதீர்கள்.

கேள்வி: தினசரி என்ஏவியை அப்படியே வைத்து உடன்மாறுபாடு எடுத்தேன். எண்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. 250ஆல் பெருக்க வேண்டுமா?

பெருக்குவது பற்றி மூன்றாம் முறையாகச் சொல்ல மாட்டேன். உங்கள் சிக்கல் வேறு: விலையை வைக்கக் கூடாது, சதவீத மாற்றத்தை வைக்க வேண்டும். விலையை வைத்தால், 2000 ரூபாய் என்ஏவி உள்ள ஃபண்ட், 20 ரூபாய் ஃபண்டைவிட ஆபத்தானது போலக் காட்சி தரும். இந்தத் தவற்றைச் சரிபார்ப்பு வரியும் காட்டிக்கொடுக்காது.

கேள்வி: என் எடைகள் +4000, -3900 என்று வருகின்றன. மூன்றில் இரண்டு ஒரே ஃபண்டின் டைரக்ட், ரெகுலர் பிளான்கள்.

அவை ஒரே முதலீடுதான், ஒன்றை நீக்குங்கள். இரு வரிசைகள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், MINVERSE தரும் நேர்மாறு அணி கடைசித் தசம இலக்கத்தின் பிழையைக்கூட ஆயிரங்களாகப் பெருக்கிவிடும்.

கேள்வி: ஃப்யூச்சர்ஸ் பற்றிக் கேட்டவன்தான். வாரத் தரவு எடுத்தால் ஐந்தாண்டுக்கு 260 எண்கள் கிடைக்கும். திட்டப் பிழை 0.02க்கு இறங்கும். அப்போது 0.75 எட்டாத தூரம்தானே?

கணக்கு சரி. ஒட்டுறவு அந்த ஐந்தாண்டும் மாறாமல் இருந்திருந்தால் உங்கள் வாதம் வெல்லும். சந்தை சரியும் மாதங்களில் அது ஒன்றை நெருங்குவதையும் அமைதியான காலத்தில் இறங்குவதையும் நான் பார்த்திருக்கிறேன், அதனால் 0.02 என்பதை முழுதாக நம்ப எனக்குத் தயக்கம். ஐந்தாண்டையும் இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக எடைகளைக் கண்டு இங்கே எழுதுங்கள். இரண்டு பாதியிலும் மிட்கேப் மைனஸாகவே வந்தால், இதை மறுபடி பேசுவோம்.