ஷார்ஜாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பிக்கு: 2018 ஜனவரியில் வந்த வாட் வரி

“அண்ணா, மாமாவின் குரோசரியை ஏற்று நடத்த ஷார்ஜாவுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு 1,500 திர்ஹம் அளவுக்கு விற்கிறது. 2018 ஜனவரியில் வந்த வாட் வரிக்குக் கடையைப் பதிவு செய்யவில்லை. பக்கத்துக் கடைக்காரர், ‘கல்லாவில் 5 சதவீதம் சேர்த்து வாங்கு’ என்கிறார். வாங்கினால் வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஒரு திர்ஹம் பொருளுக்கு 1.25 வாங்கலாமா? கிடைக்கும் லாபமே கொஞ்சம், வரியை எங்கிருந்து கட்டுவது?”

தம்பி, முதலில் கல்லாவில் 5 சதவீதம் சேர்த்து வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். பதிவு எண் இல்லாத கடை வரி என்று சொல்லி ஒரு ஃபில்ஸ்கூட வாங்க முடியாது. அப்படி வாங்கிய பணம் உங்களுடையதும் ஆகாது. வரி என்ற பெயரில் வாங்கியதை, பதிவு செய்யாதவராக இருந்தாலும், அரசுக்குக் கட்டியே தீர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதுவரை வாங்கியதை நாள்வாரியாக ஒரு நோட்டில் எழுதித் தனியே எடுத்து வையுங்கள்.

அடுத்து, நீங்கள் பதிவு செய்தே ஆக வேண்டியவரா என்று பார்ப்போம். கடந்த 12 மாத விற்பனை 3,75,000 திர்ஹத்தைத் தாண்டினாலோ, அடுத்த 30 நாளில் தாண்டும் என்று தெரிந்தாலோ, பதிவு கட்டாயம். இங்கேதான் நம் ஆட்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். “எனக்கு வருஷத்துக்கு அவ்வளவு எங்கே மிஞ்சுகிறது?” என்கிறார்கள். மிஞ்சுவதை யாரும் கேட்கவில்லை. விற்ற மொத்தத் தொகைதான் கணக்கு. 3,75,000 திர்ஹத்தை 365 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 1,030 திர்ஹம்கூட வராது. உங்கள் கடையில் 1,500 விற்கிறது, ஆண்டுக்கு 5,47,500 ஆகிறது. எல்லையை எப்போதோ தாண்டிவிட்டீர்கள்.

“நான் வந்தே ஒரு மாதம்தானே” என்று நினைக்காதீர்கள். நடந்துகொண்டிருக்கும் வியாபாரத்தை ஒருவரிடமிருந்து வாங்கினால், அவர் காலத்து விற்பனையும் உங்கள் 12 மாதக் கணக்கில் சேரும். ஆகவே மாமாவின் பழைய விற்பனை நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடை உரிமத்தின் நகல், பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி, வங்கிக் கணக்கு விவரம், விற்பனைத் தொகையைச் சொல்லிக் கையெழுத்தும் முத்திரையும் இட்ட ஒரு கடிதம் ஆகியவற்றோடு, மத்திய வரி ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. டைப்பிங் சென்டரில் கொடுத்தால் அவர்கள் கூலியை மட்டும் கேட்பார்கள். தாமதமாகப் பதிவு செய்தால் அபராதம் உண்டு. அதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: நீங்கள் எந்த நாளில் பதிவு செய்திருக்க வேண்டுமோ, வரி அந்த நாளிலிருந்தே உங்கள் தலையில் விழுகிறது. வாடிக்கையாளரிடம் வாங்காமல் விட்ட மாதங்களுக்கும் உங்கள் கையிலிருந்துதான் போகும். ஒவ்வொரு வாரத் தாமதமும் காசுதான்.

இனி, உங்களை அதிகம் உறுத்தும் கேள்வி, வரியை எங்கிருந்து கட்டுவது என்பது. இது லாபத்தில் பிடிக்கும் வரி அல்ல. விற்கும்போது வாங்கிய வரியிலிருந்து, சரக்கு எடுக்கும்போது கொடுத்த வரியைக் கழித்து, மீதியை மட்டும் கட்டுகிறீர்கள். உங்கள் கடையையே வைத்துப் பார்ப்போம். விலை எல்லாம் வரி சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால், மாத விற்பனை 45,000 திர்ஹம். அதற்குள் இருக்கும் வரியை எடுக்க 5-ஆல் பெருக்கி 105-ஆல் வகுக்க வேண்டும். நேராக 5 சதவீதம் போடக்கூடாது. 2,142.86 திர்ஹம் வரும். இந்தப் பக்கம், சரக்கு 34,000 திர்ஹத்துக்கு எடுத்தால் அதற்கு வரி 1,700. கடை வாடகை 2,500 என்றால், கட்டட உரிமையாளர் பதிவு செய்தவராக இருந்தால், வரி 125. கரண்ட் பில் 600-க்கு 30. கொடுத்த வரி மொத்தம் 1,855. நீங்கள் கட்ட வேண்டியது மாதத்துக்கு 287.86, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 863.57 திர்ஹம். கடைப் பையன்களின் சம்பளத்துக்கு வரி கிடையாது. அவர்கள் தங்கும் அறை வாடகைக்கும் கிடையாது, குடியிருப்பு வாடகை விலக்குப் பெற்றது.

ஆனால் இந்த 863.57 என்பது, சரக்கு, வாடகை, கரண்ட் என ஒவ்வொன்றின் பில்லும் கையில் இருந்தால்தான். பில் இல்லையென்றால் கழிவும் இல்லை. மொத்தமாக 6,428.57 கட்ட வேண்டிவரும். அந்தப் பணம்தான் உங்கள் லாபத்திலிருந்து போகும். வரி வந்ததால் நொடிந்தேன் என்று சொல்கிறவர்களின் கணக்கைப் பார்த்தால், பெரும்பாலும் பில்லில்தான் கோளாறு இருக்கும்.

எனக்குச் சரக்குப் போடும் ஒரு மொத்த வியாபாரி அந்த ஜனவரி முதல் வாரத்தில் கொடுத்த பில்லைச் சொல்கிறேன். கையால் எழுதியது. கீழே “வாட் 5%” என்று தனியே கூட்டிப் பணமும் வாங்கிவிட்டார். டாக்ஸ் இன்வாய்ஸ் என்ற தலைப்பு இல்லை, 15 இலக்கப் பதிவு எண்ணும் இல்லை. கேட்டால், “விண்ணப்பித்திருக்கிறேன், வரும்” என்றார். அந்தக் காகிதத்தை வைத்து ஒரு திர்ஹம்கூடக் கழிக்க முடியாது. சரக்கு இறக்கும் வண்டிக்காரர் அவசரப்படுத்துவார். படட்டும். டாக்ஸ் இன்வாய்ஸ் என்ற தலைப்பு, டி.ஆர்.என். எனப்படும் அந்த 15 இலக்க எண், தேதி, வரித் தொகை ஆகிய நான்கையும் பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள். எண் உண்மையானதுதானா என்பதை ஆணையத்தின் இணையதளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். பில் தொகை 10,000 திர்ஹத்துக்கு மேல் போனால் உங்கள் பெயர், முகவரி, உங்கள் எண்ணும் அதில் இருக்க வேண்டும். பில்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் இந்த ஊர் வெயிலில் சில மாதங்களிலேயே வெளுத்துப்போகும் என்பதால், வந்த அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

வாடிக்கையாளர் சண்டைக்கு வருவதில் நியாயம் இருக்கிறது. அலமாரியில் எழுதிய விலைதான் கல்லாவில் வாங்கும் விலை. வரி அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. ஒட்டுச்சீட்டில் 10 என்று போட்டுவிட்டுக் கல்லாவில் 10.50 கேட்டால் தவறு உங்களுடையது, அதற்கு அபராதமும் உண்டு. பதிவு எண் கிடைத்ததும் ஒரு ராத்திரி உட்கார்ந்து எல்லா ஒட்டுச்சீட்டையும் மாற்றிவிடுங்கள். பில்லின் அடியில் எண்ணும் வரியும் அச்சாகட்டும். அதன்பிறகு கேட்பவரிடம் பில்லையே காட்டலாம்.

ஒரு திர்ஹம் பொருள்தான் உண்மையான சிக்கல். 1.05 என்றால் அந்த 5 ஃபில்ஸ் காசு யார் கையிலும் புழங்குவதில்லை. கையில் இருப்பது 25 ஃபில்ஸ். விலையை 1.25 ஆக்க உங்களுக்குத் தடையில்லை. ஆனால் அதை “வாட் வந்துவிட்டது” என்று சொல்லி வாங்காதீர்கள். 1.25-க்குள் இருக்கும் வரி 6 ஃபில்ஸ்தான், மீதி 19 ஃபில்ஸ் நீங்கள் ஏற்றிய விலை. கேம்ப்பிலிருந்து வந்து ஒரு ரொட்டியும் ஒரு லபனும் வாங்கிப் போகிற தொழிலாளிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரியாது என்பதால் அவரிடம் அரசின் பெயரைச் சொல்லி வாங்குவது அநியாயம் என்றே நினைக்கிறேன். பொருளாதார அமைச்சகத்துக்குப் புகார் போகவும் வாய்ப்புண்டு. நான் ஒரு திர்ஹம் பொருட்களின் விலையை ஏற்றவில்லை. அதில் போகும் 5 ஃபில்ஸை 7, 8 திர்ஹம் பொருட்களில் ஈடுசெய்கிறேன். அங்கே வரியைச் சேர்த்து 25 ஃபில்ஸுக்குச் சரிசெய்தால் யாருக்கும் பெரிய சுமை விழுவதில்லை.

ஊரில் ஜி.எஸ்.டி. பார்த்துவிட்டு வருகிறவர்கள், “அரிசிக்கும் பாலுக்குமா வரி?” என்று கேட்பார்கள். இந்தியாவில் பொட்டலம் போடாமல் அளந்து விற்கும் அரிசிக்கு வரி இல்லை, மற்றவற்றுக்குப் பல விகிதங்கள் உண்டு. இங்கே அரிசி, பால், ரொட்டி, சோப்பு எல்லாவற்றுக்கும் ஒரே 5 சதவீதம். கணக்கு எழுதுகிறவருக்கு இது சுலபம், வாங்குகிறவருக்கு அப்படி இல்லை. சிகரெட்டும் கோலாவும் விலை ஏறியது வேறு கதை. அவற்றின் மேல் 2017 அக்டோபரிலேயே எக்சைஸ் வரி வந்துவிட்டது. அப்போது சிகரெட்டுக்கும் எனர்ஜி டிரிங்குக்கும் 100 சதவீதம், சோடா பானங்களுக்கு 50 சதவீதம் என்று போட்டார்கள். அதையும் வாட் என்று வாடிக்கையாளர் உங்களைத் திட்டுவார். பொறுமையாகச் சொல்லுங்கள்.

உங்கள் அறைத்தோழர் யாராவது இதைவிடச் சிறிய கடை வைத்திருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. விற்பனை 1,87,500-க்கு மேல், 3,75,000-க்குள் இருந்தால் விரும்பினால் பதிவு செய்யலாம், கட்டாயமில்லை. எல்லாரும் வீட்டுத் தேவைக்கு வாங்குகிறவர்கள் என்றால் நான் வேண்டாம் என்பேன். 100-க்கு எடுத்த சரக்குக்கு 5 வரி கொடுத்து 125-க்கு விற்றால், பதிவு செய்யாதவருக்கு 20 நிற்கும். பதிவு செய்தவருக்கு 19.05 நிற்கும், கணக்கு எழுதும் வேலை வேறு. ஹோட்டல்களுக்கும் கம்பெனிகளுக்கும் சரக்குப் போடுகிறவர் என்றால் நிலைமை மாறும். அவர்கள் டாக்ஸ் இன்வாய்ஸ் கேட்பார்கள், இல்லையென்றால் வேறு கடைக்குப் போவார்கள்.

கடைசியாக, பற்று நோட்டு. வீடுகளுக்கு மாதக் கணக்கில் சரக்குப் போடுகிற கடை உங்களுடையது என்று நினைக்கிறேன். 2017 டிசம்பரில் கொடுத்த சரக்குக்கு ஜனவரியில் பணம் வந்தால் அதற்கு வாட் இல்லை. சரக்கு கைமாறிய நாள்தான் கணக்கு. அந்தப் பாக்கிக்கு 5 சதவீதம் கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2018 ஜனவரி 1 முதல் கொடுத்த சரக்கு என்றால், பணம் வரவில்லை என்றாலும் அந்தக் காலாண்டில் வரி கட்ட வேண்டும். காலாண்டு முடிந்து 28 நாளுக்குள் VAT 201 படிவமும் போக வேண்டும், பணமும் போய்ச் சேர வேண்டும். அதனால் பற்று கொடுப்பதை நீங்கள் குறைக்க வேண்டியிருக்கும். மாதம் முடிந்ததும் பாக்கியைக் கேட்கிற பழக்கத்தை இந்த மாதத்திலிருந்தே தொடங்குங்கள். டிசம்பர் பக்கத்தின் கீழே ஒரு கோடு போட்டு மூடிவிட்டு, ஜனவரியைப் புதிய நோட்டில் எழுதுங்கள்.