கீல் வைத்துத் தைத்த வெஸ்பா

கேள்வி: துருப்பிடித்த ஒரே ஒரு பாகத்தைப் புகைப்படத்தில் பார்த்து, இது இன்னாருடைய பழைய ஸ்கூட்டர் என்று ஒரு மெக்கானிக்கால் சொல்ல முடியுமா? யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். அது எங்கள் அப்பாவின் வண்டி.

அப்பா சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். பக்கப்பெட்டி வைத்த வெஸ்பா ஸ்பிரிண்ட் வைத்திருந்தார். பெட்டியில் அம்மா, அம்மா மடியில் தங்கை, அப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு நான். ஈசூனிலிருந்து தேக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் போவோம். 1994-ல் வண்டியை விற்றுவிட்டார். அப்புறம் அது யார் யார் கைக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியாது.

போன வருடம் மலேசியாவில் குளுவாங்கில் இருக்கும் என் கூட்டாளி, ஒரு தோட்டத்துக் கொட்டகையில் பழைய வெஸ்பா ஒன்று கிடப்பதாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பினார். எண் பலகை இல்லை, பக்கப்பெட்டி இல்லை, மேலே பச்சைப் பெயிண்ட். அப்பாவின் வண்டி வெளிர் நீலம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அங் மோ கியோ காப்பிக் கடையில் அப்பாவின் பழைய மெக்கானிக்கைப் பார்த்தபோது, சும்மா காட்டலாமே என்றுதான் கைப்பேசியை நீட்டினேன். சின்ன வயதிலிருந்தே அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். எழுபதைத் தாண்டிவிட்டார், கடையை மூடியும் பல வருடமாகிறது.

மூன்று படங்களை அவர் வேகமாகத் தள்ளிவிட்டார். நான்காவதில் வண்டி இடதுபக்கம் சாய்ந்து கிடந்தது, அதனால் அடிப்பாகம் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கி, கோப்பி ஓவை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "தம்பி, இது நான் வச்ச கீல்" என்றார்.

கால் வைக்கும் தகட்டின் அடியில், பின் பிரேக் பெடல் இருக்கும் இடத்தில், ஒரு கதவுக் கீலின் பாதி ஒட்டியிருந்தது. முழுக்கத் துரு. ஆனாலும் கீல்தான் என்று தெரிந்தது. ஒரு ஓரத்தில் ஆணி சுற்றும் வளையங்களை அறுத்தெடுத்த பல்வரிசை. நடுவில் திருகாணித் தலை உள்ளே அமிழ்வதற்காக வாய் அகலமாகக் குடைந்த துளைகள். சுற்றிலும் துருவுக்கு நடுவே மங்கிய மஞ்சளாக ஒரு மெல்லிய கோடு.

அந்த மஞ்சள் கோட்டைத்தான் மாமா முதலில் பார்த்திருக்கிறார். இரும்பு வெல்டிங்காக இருந்தால் தகட்டோடு சேர்ந்து அதுவும் துருப்பிடித்து ஒரே பழுப்பாகியிருக்கும். பித்தளைக் கம்பி உருக்கிப் பற்றவைத்த இடத்தில் பித்தளை நிற்கும், பக்கத்து இரும்புதான் தின்னப்பட்டுப் போகும். ஈரத்தில் இரண்டு உலோகம் ஒட்டியிருந்தால் இரும்புதான் சீக்கிரம் அரிக்கும். அதனால் வருடம் ஆக ஆக அந்தக் கோடு தழும்பு மாதிரி மேலே எழும்பித் தெரியும்.

அங்கே ஏன் கீல் வந்தது? வெஸ்பாவுக்குக் குழாய்ச் சட்டம் கிடையாது. வளைத்து அழுத்திய தகடுதான் அதன் உடம்பு. பெடல் நேராக அந்தத் தகட்டில்தான் போல்ட் போட்டு நிற்கும். தனி ஸ்கூட்டருக்கு அது போதும். பக்கப்பெட்டி மாட்டி நான்கு பேர் ஏறினால் எடை கூடிவிடும், அப்பாவின் பெட்டியில் தனி பிரேக்கும் இல்லை. நிறுத்துவதற்குப் பெடலை ஏறி மிதிக்க வேண்டும். மிதித்து மிதித்து போல்ட் துளையிலிருந்து விரிசல் கிளம்பும்.

1991-ல் ஒரு மாலை, பெடல் ஆட்டம் கொடுக்கிறது என்று அப்பா மாமாவின் காக்கி புக்கிட் கடைக்குப் போயிருக்கிறார். வெளியே மழை, அவருக்கு இரவு ஷிப்ட். சரியான வழி என்றால், விரிசல் விட்ட தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் வேண்டும். அன்றைக்குக் கடையில் தோதான தகடுகூட இல்லை. மாமா ஒரு பழைய இரும்புக் கீலை எடுத்து வளையத்தை அறுத்துவிட்டு, தட்டையான முகத்தைத் தகட்டோடு சேர்த்து அடியில் வைத்துப் பித்தளை போட்டுவிட்டார். மெல்லிய தகட்டில் இரும்பு வெல்டிங்கின் சூடு ஏறினால் அது நெளிந்துவிடும், ஓட்டையும் விழும். பித்தளை ஏறக்குறைய 900 டிகிரியிலேயே உருகிவிடுவதால் அந்த ஆபத்து குறைவு. கீலின் ஒரு துளை வழியாகவே பெடல் போல்ட்டையும் விட்டார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆனா இதை வச்சு மட்டும் உன் அப்பா வண்டின்னு சொல்ல மாட்டேன்" என்றார். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. வேறு யாராவதுகூடக் கீல் வைத்திருக்கலாம். பெடல் அதே பெடலா என்பதை அவர் பார்க்கவே இல்லை. கழற்ற முடிந்ததெல்லாம் இத்தனை வருடத்தில் எந்த வண்டிக்கும் போயிருக்கும். என்ஜினும் அப்படித்தான். வெஸ்பா என்ஜினைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது பெரிய வேலை இல்லை. உடம்போடு உருகிச் சேர்ந்தது மட்டும் போகாது.

குளுவாங் கூட்டாளியிடம் இரண்டு படம் கேட்கச் சொன்னார். முதலாவது, மேலே ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டுப் பெடலைச் சுற்றி. விரிசல் நடுமேட்டைப் பார்த்து ஓடியிருக்க வேண்டும், அதன் முனையில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்க வேண்டும். விரிசலின் கூர்முனையில் வட்டத் துளை போட்டால் இழுவிசை அங்கே குவியாது, மேற்கொண்டு ஓடாமல் நிற்கும். பித்தளை வைக்கும் முன் எப்போதும் அப்படிச் செய்வாராம்.

இரண்டாவது, உடம்பில் அடித்த சட்ட எண். அதற்கு மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: கிரைண்டர் வைக்காதே, எண்ணும் சேர்ந்து போய்விடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பித்தளைத் தூரிகையால் மெதுவாகத் தேய்த்து, காய்ந்ததும் சாக்குக்கட்டியை மேலே தடவு. பள்ளத்தில் வெள்ளை நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடு.

மறுநாள் படங்கள் வந்தன. துளை இருந்தது. அம்மா பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த பழைய இன்சூரன்ஸ் தாளை எடுத்துச் சட்ட எண்ணை ஒவ்வொன்றாகப் படிக்க, நான் திரையில் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசி இரண்டு இலக்கங்களைத் துரு தின்றிருந்தது. மற்றதெல்லாம் சரியாக இருந்தது. என்ஜின் எண் வேறு.

இத்தனை வருடம் கழித்து ஒரு கீல் எப்படி நினைவிருக்கிறது என்று மாமாவிடம் கேட்டேன். "ஒரு வாரத்துல வா, புதுத் தகடு போட்டுத் தரேன்னு சொல்லி 20 வெள்ளி வாங்கிட்டேன். உன் அப்பா வரவே இல்லை. குடும்பத்தோட போற வண்டி. மழை வந்தாலே அந்தக் கீலுதான் ஞாபகம் வரும்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அவரைக் குளுவாங்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பையன் தகடு வெட்ட, மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு அளவும் சொன்னார். கீலை அறுத்து எடுத்ததும் பச்சைக்கு அடியில் விரல் அகலத்துக்கு வெளிர் நீலம் தெரிந்தது. கூலி என்று நான் நீட்டிய பணத்தில் பையனுக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதியை என் சட்டைப் பையில் திணித்தார். "நான்தான் 91-லயே வாங்கிட்டேனே" என்றார்.