இடிப்புச் சத்தத்துக்கு வாடகைக் குறைப்பு: எவ்வளவு, எப்படிக் கேட்பது?

கேள்வி: மேல் வீட்டில் ஐந்து வாரமாகச் சுவரை இடிக்கிறார்கள். அதில் மூன்று வாரம் லிஃப்ட்டும் ஓடவில்லை. நான் நான்காவது மாடியில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். வாடகையைக் குறைக்கச் சொல்லி உரிமையாளருக்கு எப்படி எழுதுவது? எவ்வளவு கேட்கலாம்?

பதில்: எழுதுவதற்கு முன் நாட்களை எண்ணுங்கள். ஐந்து வாரம் என்றாலும் ஞாயிறும் வேலை நடக்காத நாட்களும் கழிந்துவிடும். உண்மையில் டிரில் ஓடியது 24 நாள், லிஃப்ட் நின்றது 20 நாள் என்று வைத்துக்கொள்வோம். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறியுங்கள். இரண்டு மூன்று நாள் சத்தத்தை ஜன்னலை மூடிவைத்து ஃபோனில் பதிவு செய்யுங்கள். திறந்த ஜன்னல் பதிவைக் கேட்டால், மூடினால் சரியாகிவிடுமே என்பார்கள்.

அடுத்து தொகை. மாத வாடகையை 30ஆல் வகுத்தால் ஒரு நாள் வாடகை. சத்தம் பகலில் மட்டும்தான். இரவில் நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். ஆகவே அந்த நாட்களுக்குக் கால் பங்கு கேட்பது நியாயம்: 24 நாளில் கால் பங்கு, 6 நாள் வாடகை. லிஃப்ட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு: 2 நாள் வாடகை. மொத்தம் 8 நாள். இந்தப் பங்குகள் சட்டம் சொல்பவை அல்ல, பேச்சைத் தொடங்க ஓர் அளவுகோல். இரண்டாம் மாடியில் இருப்பவர் லிஃப்ட்டுக்கு இவ்வளவு கேட்க முடியாது. பராமரிப்புக் கட்டணம் தனியாகக் கட்டினால், லிஃப்ட் பங்கை அதில் கேளுங்கள், இரண்டிலும் கேட்காதீர்கள்.

கடிதம் இவ்வளவு போதும்:

"வணக்கம். மேல் வீட்டு வேலையால் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை 24 நாட்கள் காலை 9 முதல் மாலை 5 வரை இடிப்புச் சத்தம் இருந்தது. 20 நாட்கள் லிஃப்ட் இயங்கவில்லை. நாள்வாரிக் குறிப்பை இணைத்துள்ளேன். இதற்காக 8 நாள் வாடகையை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ள உங்கள் சம்மதத்தைக் கேட்கிறேன். இது இந்த ஒரு முறைக்கு மட்டும். ஒப்பந்த வாடகை மாறாது. 10 நாட்களுக்குள் பதில் தந்தால் உதவியாக இருக்கும்."

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். நிரந்தரமாகக் குறைக்கச் சொல்கிறார்களோ என்ற பயத்தில்தான் பல உரிமையாளர்கள் யோசிக்காமலே மறுக்கிறார்கள். "இங்கே குடியிருக்கவே முடியவில்லை" என்றும் எழுத வேண்டாம். "அப்படியானால் காலி செய்யுங்கள்" என்று பதில் வரும்.

சம்மதம் எழுத்தில் வரும்வரை வாடகையை முழுதாகக் கட்டுங்கள். நீங்களே கழித்துக்கொண்டால் அது பாக்கியாகக் கணக்காகும். முறையிட வேண்டிய நீங்கள் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவீர்கள். வாய்மொழியாக "சரி" என்றால், அன்றைக்கே தொகையையும் மாதத்தையும் குறிப்பிட்டு ஒரு செய்தி அனுப்பிவையுங்கள்.

மேல் வீடு வேறொருவருடையது என்றால் சத்தத்துக்கு உங்கள் உரிமையாளர் பொறுப்பேற்க மறுக்கலாம். ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்பு, பொது வசதிகள் பற்றிய பகுதியைப் பாருங்கள். லிஃப்ட் அங்கே வசதியாகக் குறிப்பிடப்பட்டிருந்தால், அந்த 2 நாள் கோரிக்கைதான் இருப்பதிலேயே வலுவானது. அதைக் கடிதத்தில் முதலில் வையுங்கள்.