மகளின் மடிக்கணினி: விலையை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள்

அன்புள்ள அம்மா,

மகளுக்கு பி.இ. எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் இடம் கிடைத்ததற்கு வாழ்த்துகள். புதிய மடிக்கணினி 46,000 ரூபாய், கடையில் சோதித்துச் சீராக்கி விற்கும் ரீஃபர்பிஷ்டு 26,000 ரூபாய், தெரிந்தவர் வீட்டுப் பழையது 14,000 ரூபாய் என்று மூன்று விலைகளை எழுதி, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் சேர்ந்திருப்பது அரசுக் கல்லூரி என்றால் முதலில் கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். 2025-26 தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கையடக்கக் கணினி வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அவளுக்கு எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்று தெரிந்தபின் பணத்தை எடுக்கலாம்.

கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். கடைக்காரர் சொன்ன விலையோடு செலவு முடிவதில்லை. புதியதில் நான்காம் ஆண்டுவாக்கில் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு 4,000 ரூபாய் வைத்தால் மொத்தம் 50,000. கவனமாக வைத்துக்கொண்டால் ஐந்து ஆண்டு உழைக்கும் என்று கொள்வோம். ஆண்டுக்கு 10,000 ரூபாய் ஆகிறது.

ரீஃபர்பிஷ்டுக்கும் பேட்டரிச் செலவைச் சேர்த்து 30,000 என்று வையுங்கள். இது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் கேள்வியை மாற்றிப் போடுங்கள்: புதியதோடு சமமாவதற்கு இது எத்தனை ஆண்டு உழைத்தாக வேண்டும்? முப்பதாயிரத்தைப் பத்தாயிரத்தால் வகுத்தால் மூன்று ஆண்டு. மூன்றாம் ஆண்டைத் தாண்டிவிட்டால் அதன்பிறகு உழைப்பதெல்லாம் லாபம். நான்கு ஆண்டு ஓடிவிட்டால் ஆண்டுக்கு 7,500 ரூபாய்தான்.

மூன்று ஆண்டைத் தாண்டுமா? பெரும்பாலும் தாண்டும் என்பது என் கணிப்பு. இந்தக் கடைகளுக்கு வரும் நல்ல சரக்கு, நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்து, சில ஆண்டுகளில் மொத்தமாகக் கழித்துவிடும் டெல் லாட்டிட்யூட், லெனோவோ திங்க்பேட், எச்.பி. எலைட்புக் வகைகள். தினமும் பையில் போட்டு எடுப்பதற்கென்றே கீலும் விசைப்பலகையும் உறுதியாகச் செய்யப்பட்டவை. உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். அதே பணத்துக்கு வரும் மலிவான புதிய மாடல்கள் பலவற்றில் முதலில் விட்டுப்போவது அந்தக் கீல்தான். நினைவகமும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் பின்னால் கூட்டவும் வழியில்லை.

பழையது 14,000 என்பதில்தான் பல பெற்றோர் ஏமாறுகிறார்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் செயலியின் பெயர் i5-7200U என்று இருக்கிறது. கோட்டுக்குப் பின் வரும் 7 அது ஏழாம் தலைமுறை என்பதைக் காட்டுகிறது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஓடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பேட்டரிக்கு 4,000, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட 3,000 என்று சேர்த்தால் 21,000 ஆகிறது. இரண்டு ஆண்டு ஓடினாலே கணக்கு ஏறத்தாழ சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் அவள் படிப்பு நான்கு ஆண்டு. மூன்றாம் ஆண்டில் இன்னொன்று வாங்க நேர்ந்தால் அதற்கும் 30,000. ஆக 51,000 ரூபாய், புதியதைவிட அதிகம். லினக்ஸ் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். அது வேலை செய்யும். ஆனால் கண்காணிப்போடு நடக்கும் இணையவழித் தேர்வுகளில் பலவற்றின் மென்பொருள் விண்டோஸைத்தான் கேட்கும். ஆறு மாத டாலி வகுப்புக்கோ, கடைசி ஆண்டு பி.காம். படிப்புக்கோ என்றால் அந்தப் பழையதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

இங்கே ஓர் ஆலோசகனாக நான் அழுத்திச் சொல்ல விரும்புவது: எல்லா ஆண்டும் ஒரே மதிப்புள்ளவை அல்ல. பொறியியல் கல்லூரிகளில் வேலைவாய்ப்புத் தேர்வுகள் பெரும்பாலும் ஏழாவது செமஸ்டரில் சூடுபிடிக்கும். முதல் சுற்று பல இடங்களில் கேமராவையும் மைக்கையும் திறந்து வைத்து எழுதும் இணையவழித் தேர்வு. முதலாம் ஆண்டில் மடிக்கணினி ஒரு வாரம் பழுதுபார்க்கும் கடையில் கிடந்தால் நண்பரிடம் கேட்டுச் சமாளிக்கலாம். தேர்வு நாளன்று நடுவில் அணைந்துபோனால் ஒரு வாய்ப்பே போய்விடும். ஆகவே கடைசி ஆண்டில் நம்பிக்கையோடு ஓடுமா என்பதை வைத்தே எடை போடுங்கள்.

என் முடிவு: ரீஃபர்பிஷ்டு வாங்குங்கள், ஆனால் கடையிலேயே உட்கார்ந்து மூன்று சோதனைகளைச் செய்துவிட்டு வாங்குங்கள்.

முதலில் செயலியின் எண். 'ஐ-செவன்' என்று சொல்லி விற்பார்கள். அந்தச் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஆறாம் தலைமுறை i7-6600U-வைவிட பதினொன்றாம் தலைமுறை i5-1135G7 வேகமானது. நான்கு ஆண்டுக்கு என்றால் பத்தாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். நினைவகம் 16 ஜி.பி. இருந்தால் நல்லது.

அடுத்தது பேட்டரி. கமாண்ட் பிராம்ப்ட் எனும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்:

```
powercfg /batteryreport
```

ஓர் அறிக்கை உருவாகும். அதில் DESIGN CAPACITY என்பது தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, FULL CHARGE CAPACITY இப்போது மிச்சமிருப்பது. முதல் எண் 50,000, இரண்டாவது 31,000 என்றால் 62 சதவீதம்தான் மீதி. எழுபதுக்குக் கீழே இருந்தால் புதிய பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள், இல்லையேல் விலையில் 4,000 குறைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிறுவனத்திலிருந்து கழித்த கணினி சில வேளை அந்த நிறுவனத்தின் பட்டியலிலிருந்து நீக்கப்படாமலே விற்பனைக்கு வந்துவிடும். கடையில் நன்றாக ஓடும். வீட்டில் விண்டோஸை மறுபடி நிறுவும் நாளில் அந்த நிறுவனத்தின் பெயரோடு அலுவலக மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்டு நின்றுவிடும். அதனால் கடையிலேயே முழுதாக ரீசெட் செய்யச் சொல்லி, வைஃபை இணைப்போடு முகப்புத் திரை வரை வருகிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் போனாலும் பரவாயில்லை. இயக்கும்போதே F2 போன்ற விசையை அழுத்தி, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸுக்குள் நுழைய முடிகிறதா, கடவுச்சொல் கேட்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

ஜி.எஸ்.டி. பில்லில் வரிசை எண்ணும் உத்தரவாதக் காலமும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதமாவது வேண்டும், ஓராண்டு கிடைத்தால் கூடுதலாக ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம். எழுதித் தர மறுக்கும் கடையில் இருப்பது துடைத்து வைத்த பழைய கணினிதான், அதற்கு ரீஃபர்பிஷ்டு விலை கொடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மகள் கட்டடக்கலை எடுத்திருந்தாலோ, முப்பரிமாண வடிவமைப்புப் பக்கம் போகிற எண்ணம் இருந்தாலோ தனி கிராபிக்ஸ் அட்டை தேவைப்படும். அலுவலக மாடல்கள் பெரும்பாலானவற்றில் அது இருக்காது. அப்போது புதியதற்கே போகலாம்.

பேட்டரி இப்போது எண்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால் உடனே மாற்ற வேண்டாம். அந்த 4,000 ரூபாயைத் தனியே வைத்திருந்து, ஆறாவது செமஸ்டர் விடுமுறையில் மாற்றுங்கள். புதியதை வாங்காததால் மிஞ்சும் 16,000 ரூபாயையும் படிப்பு முடியும்வரை வேறு செலவுக்குத் தொடாதீர்கள். நான்காம் ஆண்டில் தாய்ப்பலகையே பழுதானால் அன்றே இன்னொன்று வாங்க அதுதான் கைகொடுக்கும்.