மகள் பெயர் மராத்தியில் மூன்று விதம்: எதை முதலில் திருத்துவது?

கேள்வி: என் கணவருக்குப் புனேயில் வேலை. மகள் அங்கேதான் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் Yazhini Ezhilvendan என்று இருக்கிறது. மராத்தியில் याझिनी एझिलवेंडन என்று இருக்கிறது. ஆதாரில் Yazhini E, அதன் கீழே यालिनी ई. ஒன்றாம் வகுப்பு விண்ணப்பத்தில் தந்தை பெயரை நான் मा. एझिलवेंदन என்று எழுதினேன் (மாமனார் பெயர் மாதப்பன்). எதுவும் பொருந்தவில்லை என்று பள்ளியில் திருப்பித் தந்துவிட்டார்கள். எது சரி, எதை முதலில் மாற்ற வேண்டும்? – ஒரு வாசகி, ஊத்தங்கரை.

சகோதரி, சான்றிதழிலும் ஆதாரிலும் எழுதியவர்கள் உங்கள் மகளின் தமிழ்ப் பெயரைப் பார்க்கவே இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து மராத்தியாக்கியிருக்கிறார்கள். ழகரத்துக்கு zh என்பது நாம் வைத்துக்கொண்ட வழக்கம். வடக்கே அதைப் பார்ப்பவர் झ என்றுதான் எழுதுவார். கனிமொழியின் பெயர் இந்திச் செய்தித்தாள்களில் कनिमोझी என்று வருவது இதனால்தான். அதேபோல் ஆங்கில d தகரமா டகரமா என்று காட்டாது. எழுதியவர் ड போட்டதும் வேந்தன் ‘வேண்டன்’ ஆகிவிட்டார். ஆகவே இனி யார் கேட்டாலும் தமிழ் ஒலியிலிருந்து நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்திலிருந்து மாற்ற விடாதீர்கள்.

ழகரத்துக்கென்றே தேவநாகரியில் ऴ என்ற எழுத்து உண்டு. ळ என்பதன் அடியில் ஒரு புள்ளி. ஆனாலும் படிவங்களில் அதைத் தவிர்க்கச் சொல்வேன். இதைக் கணினியில் ஒரே குறியீடாகவும் தட்டலாம், ळ எழுத்தையும் புள்ளியையும் தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் சமமாக்கிப் பார்க்காத மென்பொருளுக்கு அவை வேறு வேறு பெயர்கள். பல அலுவலர்களுக்கு அந்த எழுத்து விசைப்பலகையில் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. மராத்தியில் ळ அன்றாட எழுத்து, எல்லோரும் வாசிப்பார்கள், எல்லோரும் தட்டுவார்கள். யாழினியை ‘யாளினி’ என்று எழுதச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லைதான். ஆனால் झ, ल இரண்டையும்விட நம் ஒலிக்கு அருகில் இருப்பது அதுவே. ஆதலால் மகள் பெயர் याळिनी. சொல்லின் இறுதி இகரத்தை மராத்தி நெடிலாகவே எழுதும் என்பதால் நடுவில் குறிலும் முடிவில் நெடிலும் வருகின்றன. கணவர் பெயர் एळिलवेंदन. தேவநாகரியில் குறில் எகரத்துக்கும் தனி எழுத்து இருக்கிறது. அதையும் விட்டுவிட்டு ए போதும். இறுதி ன் எழுத்துக்குப் புள்ளிக்குறி தேவையில்லை, மராத்தி வாசகர் அங்கே உயிரொலி சேர்த்துப் படிக்கமாட்டார். மாமனார் பெயர் मादप्पन. சிலர் Madhappan என்றும் சிலர் Mathappan என்றும் எழுதுவதால் धவும் थவும் நுழையப் பார்க்கும். நாம் சொல்லும்போது வருவது மெல்லிய தகரம், அதற்கு द.

உங்கள் விண்ணப்பத்தில் நிகழ்ந்த பிழை வேறு வகை. தமிழ்நாட்டில் மு. கருணாநிதி, இந்தியில் एम. करुणानिधि. அதாவது அவர்கள் தலைப்பெழுத்தை ஆங்கில எழுத்தின் பெயராக எழுதுகிறார்கள். நீங்கள் நம் முறைப்படி मा. என்று எழுதினீர்கள். மராத்தியில் பெயருக்கு முன்னால் வரும் मा. என்பது ‘மாண்புமிகு’ என்பதன் சுருக்கம். அதைப் படித்தவர் அதை மாமனார் பெயரின் முதலெழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கவே மாட்டார். இது அரிய விபத்து அல்ல. என் தந்தை பெயர் குப்புசாமி. கிருஷ்ணகிரியிலிருந்து வடக்கே வேலைக்குப் போன புதிதில் என் தலைப்பெழுத்தை कु. என்று நானே எழுதிக் கொடுத்தேன். அது அங்கே குமாரிக்குச் சுருக்கம். பணியாளர் பட்டியலில் என் பெயருக்கு நேரே ‘பெண்’ என்று ஏறி, அதைத் திருத்த மூன்று மாதம் அலைந்தேன். சி. என்ற தலைப்பெழுத்தை चि. என்று எழுதினால் அது சிரஞ்சீவி. ஆதாரிலுள்ள ई மறுபக்கத் தவறு: E என்ற ஆங்கில எழுத்தின் பெயரை எழுதிவிட்டார்கள். எழில்வேந்தனில் ஈகாரமே இல்லை. எனவே தேவநாகரியில் தலைப்பெழுத்தே வேண்டாம். எப்போதும் விரித்து எழுதுங்கள். பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் பெயரை ஆங்கில எழுத்தில் மட்டுமே அச்சிடுகின்றன. அங்கும் தலைப்பெழுத்தை விரித்துத்தான் கேட்கிறார்கள்.

விரித்தபின் எந்தப் பெட்டியில் எது என்பதில்தான் அடுத்த சிக்கல் இருக்கிறது. மகாராஷ்டிரப் படிவங்களில் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் (आडनाव) என்று மூன்று பெட்டிகள் இருக்கும். மூன்றாவது பெட்டி காலியாக இருந்தால் அலுவலர் அதில் मादप्पन என்று நிரப்பிவிடுவார்; பேத்தி பெயரோடு தாத்தா பெயர் நிலையாக ஒட்டிக்கொள்ளும். சான்றிதழின் ஆங்கில வரியில் அப்படி இல்லை. அதையே அளவுகோலாக வையுங்கள்: ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கும் இடத்தில் மராத்தியிலும் ஒரே சொல், அதே வரிசை. அப்படியானால்:

```
Yazhini Ezhilvendan     याळिनी एळिलवेंदन
Ezhilvendan Madhappan   एळिलवेंदन मादप्पन
```

மகளின் படிவத்தில் தந்தை பெயர்ப் பெட்டியிலும் குடும்பப் பெயர்ப் பெட்டியிலும் एळिलवेंदन என்றே வரும். பார்ப்பவர் புருவம் உயர்த்துவார், ஆனால் அது பிழை அல்ல. உங்கள் கணவரின் பாஸ்போர்ட்டிலோ பானிலோ மாதப்பனுக்கு வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல் இருந்தால் ஆங்கிலப் பத்தியில் அதை எழுதுங்கள். மராத்திப் பத்தி மாறாது.

முதலில் திருத்த வேண்டியது பிறப்புச் சான்றிதழ். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு எழுத்துப் பிழையைத் திருத்தப் பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தத்தைக் குறிப்பார்கள். பிறகு திருத்திய சான்றிதழ் வாங்கலாம். மனுவில் மராத்தி எழுத்துப் பிழை ஒன்றை மட்டும் கேளுங்கள். ஆங்கில வரி சரியாக இருப்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் பெயரையே மாற்றுகிறீர்கள் என்று எண்ணி வேறு வழிக்கு அனுப்பிவிடுவார்கள். தந்தை பெயரோடு உள்ள கணவரின் பள்ளிச் சான்றிதழையும், உங்கள் இருவரின் ஆதாரையும் இணையுங்கள்.

பள்ளி விண்ணப்பத்தை அதுவரை நிறுத்தி வைக்க முடிந்தால் நல்லது, ஏனென்றால் பள்ளிப் பதிவேட்டில் ஒருமுறை ஏறிய பெயரைப் பின்னால் மாற்றுவது கடினம். காத்திருக்க இயலாவிட்டால் திருத்த மனுவின் ரசீதை இணைத்து, மேலே உள்ள எழுத்திலேயே நிரப்புங்கள்.

ஆதார் அதற்குப் பிறகு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். ஆகவே E என்பதை விரிப்பதையும் மராத்தி வரியைச் சரிசெய்வதையும் ஒரே முறையில் முடித்துவிடுங்கள். குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்ததும் கைரேகை, கருவிழி பதிவு செய்வது கட்டாயம். அது இன்னும் ஆகவில்லையென்றால் அதே நாளில் அதையும் செய்துவிடலாம். மையத்தில் ஆங்கிலப் பெயரைத் தட்டியதும் மென்பொருள் மராத்தி வரியைத் தானாக நிரப்பும். பழைய झ திரும்ப வருவது அங்கேதான். பணியாளர் அதைத் திருத்த முடியும். याळिनी एळिलवेंदन என்று பெரிதாக எழுதிய தாளை அவர் முன்னால் வையுங்கள். ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திடும் முன் இரண்டாம் வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்: ळ இருக்கிறதா, द இருக்கிறதா, தனித்து நிற்கும் ई போய்விட்டதா.