பட்டுச் சேலை, கம்பளி: கேட்டவர்களுக்குப் பதில்

அக்கா, அம்மாவோட கல்யாணப் பட்டுல நடு மடிப்பு நெடுக வெளுத்த கோடு. இஸ்திரி போட்டா போயிருமா? (அம்பாசமுத்திரம்)

இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள். சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கோட்டில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் இழை அறுந்து இத்துவிட்டது, இனி சேராது. தெரியாவிட்டால் வெறும் மடிப்புத் தடம், காப்பாற்றலாம்.

ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக, மேலே நாலு சேலை கனத்தோடு கிடந்தால் பட்டு அந்த வளைவில்தான் அறும். கரையில் இன்னும் சீக்கிரம், ஜரிகை விறைப்பாக இருப்பதால். கஞ்சி, நீலம் போகத் துவைத்துக் காய்ந்த பழைய வேட்டியைக் கைப்பருமனுக்குச் சுருட்டி, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் வையுங்கள். மடிப்பு கூர்மையாக விழாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து நிழலில் உலர்த்துங்கள். இரண்டாக மடித்ததை அடுத்த முறை மூன்றாக மடியுங்கள், பழைய கோடு நடுவில் தட்டையாகக் கிடக்கட்டும். அடுக்கில் இதுதான் மேலே. இத்துப்போயிருந்தால் பின்னால் மெல்லிய வலைத்துணி கொடுத்துத் தைக்கலாம், ஆனால் கொசுவம் இழுக்கிற இழுப்பைத் தாங்காது.

பாச்சா உருண்டை போடலாமா?

பட்டுக்கு வேண்டாம். ஜரிகையில் பட்டால் மங்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் எதற்குமே வேண்டாம்.

டெல்லியிலிருந்து மகன் கொண்டுவந்த கம்பளிச் சால்வையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. பூச்சி ஒன்றையும் காணோமே?

பறக்கிற அந்து தின்னாது, அதன் புழுதான் தின்னும். வியர்வை, சாப்பாட்டுக் கறை இருக்கிற இடத்தை முதலில் பிடிக்கும். சால்வையை உதறி, காற்றுப் புகாத பையில் கட்டி, ஐஸ் பெட்டியின் உறைநிலை அறையில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், குளிர் விட்டபின் திறந்தால்தான் ஈரம் படியாது. அலமாரி இடுக்குகளையும் பிரஷ் போட்டுத் துடையுங்கள்.

மேடையில் போட்ட பொன்னாடை நிறைய இருக்கு, அதுக்கும் இப்படியா?

அநேகமாக எல்லாம் செயற்கை இழை. அந்து சீண்டாது.

உருண்டையைத் துணியில் முடிந்து போட்டால்?

மேலே சொல்லிவிட்டேன். ஆவி துணியைத் தாண்டித்தான் வரும்.

எங்க ஆச்சி வசம்பும் வேப்பிலையும்தான் வச்சா. அம்பது வருஷமா ஒரு சேலைக்கும் ஒண்ணும் ஆகலை. நீங்க மருந்து, ஐஸுன்னு பயமுறுத்துறீங்க. (கல்லிடைக்குறிச்சி)

வசம்பு வாடைக்குப் புதுப் பூச்சி வராமல் இருக்கலாம், உள்ளே இருக்கிற புழு சாகாது. ஆச்சி சேலைகளை அடிக்கடி பிரித்து மடித்தார்களா?

பொங்கலுக்கும் ஆடிக்கும் எல்லாத்தையும் வெளியே எடுப்பா. ஆனா வசம்பு இல்லாம இருந்தா தெரிஞ்சிருக்கும்!

அதைத்தான் கேட்டேன். சேலையைக் காப்பாற்றியது அந்தப் பிரித்து மடித்தல் என்பது என் எண்ணம். வசம்பை வையுங்கள், பச்சை வேப்பிலை மட்டும் வேண்டாம். ஈரத்தோடு அடைத்தால் கறை படும், பூசணம் வரும்.

எங்க மாமியாரும் வசம்புதான்! அந்தக் கல்லிடைக்குறிச்சி அக்காவை விடாதீங்க. (தென்காசி)

தென்காசிக்குச் சாரல் காலம் உண்டு. அந்த ஈரத்தில் பீரோவைத் திறந்து வைக்காதீர்கள், சுவரை விட்டு நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

எந்தக் கம்பெனி பீரோ நல்லது?

கடையில் கேளுங்கள்.

பிளாஸ்டிக் கவர்?

வேண்டாம். ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணியில் சுற்றுங்கள்.