அனிமேஷன்ல கனமான பெட்டியைத் தூக்கும்போது வெயிட் எப்படிக் காட்டுறது?

"என் கேரக்டர் பெரிய பெட்டியைத் தூக்குறான், ஆனா தெர்மாகோல் மாதிரி தெரியுது. எங்க தப்பு?"

அனேகமா கை பட்ட அதே ஃப்ரேம்ல பெட்டியும் கிளம்பியிருக்கும். அதை முதல்ல நிறுத்துங்க.

நொடிக்கு 24 ஃப்ரேம்னு வச்சுக்கிட்டா, கை பிடிச்சதும் பெட்டி ஒரு 12 ஃப்ரேம் அசையவே கூடாது, அதுக்குள்ள உடம்பு மட்டும் வேலை செய்யணும், இடுப்பு இன்னும் கீழ இறங்கும், முழங்கை நேராகி தோள் கீழ இழுபடும். அப்புறம் முதல் 6 ஃப்ரேம்ல பெட்டி லேசா தரையை விட்டா போதும், வேகம் அதுக்கப்புறம்தான், அதுவும் கால் நிமிர்றதுல இருந்து வரணும், கையில இருந்து இல்ல.

தூக்கி நின்னதும் முதுகு பின்னால சாயணும், இல்லன்னா முன்னாடி விழுந்துடுவான். பலபேர் இதைத்தான் விட்டுடுறாங்க. பெட்டியை மறைச்சுட்டு ப்ளே பண்ணுங்க, அப்பவும் கனம் தெரியணும்.